இரண்டு ஆஃபர் லெட்டர், ஒரே மேசை

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாப்பிட்ட தட்டை எடுத்துவைத்த கையோடு அக்கா மகள் லேப்டாப்பைத் திறந்து என் முன்னால் நகர்த்தினாள். திரையில் இரண்டு ஆஃபர் லெட்டர்கள். ஒன்று, நியூயார்க் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட ஒரு வெளிநாட்டு நிதி நிறுவனம் சென்னையில் நடத்தும் மையத்திலிருந்து வந்தது. ஆண்டுக்கு 28 லட்சம். மற்றொன்று, இங்கேயே தொடங்கி, இங்கேயே தலைமையகம் வைத்து சாஃப்ட்வேர் விற்கும் ஓர் உள்நாட்டு நிறுவனத்திலிருந்து, 30 லட்சம். இரண்டுமே ஓ.எம்.ஆர். ரோட்டில்தான். அவளுக்கு ஏழு வருட அனுபவம்.

"ரெண்டு லட்சம் அதிகம், மாமா. ஆனா எல்லாரும் 'எம்.என்.சி.யை விட்டுடாதே'ங்கறாங்க."

பல வருடங்களாக நிறுவனங்களுக்குச் சம்பளக் கட்டமைப்பு போட்டுத் தருவது என் வேலை. அதனால் அவளிடம் முதலில் கேட்டது தொகையைப் பற்றி அல்ல. "இந்த ரெண்டு எடத்துலயும் உன் டீமோட முடிவை யாரு எடுக்கறாங்க? எங்க உக்காந்து எடுக்கறாங்க?"

அவளுக்குத் தெரியவில்லை. அன்று சாயங்காலம் வரை நாங்கள் பேசியது முழுக்க அந்தக் கேள்வியின் கிளைகளைத்தான்.

செலவுக் கணக்கில் பிறந்த பிள்ளை

இந்த மையங்களுக்கு ஐ.டி. வட்டாரத்தில் ஜி.சி.சி. என்று பெயர், குளோபல் கேபபிலிட்டி சென்டர். முன்பு 'கேப்டிவ்' என்பார்கள். டி.சி.எஸ்., இன்ஃபோசிஸ் போன்றவை வெளியாருக்கு வேலை செய்து கொடுக்கும் நிறுவனங்கள். ஜி.சி.சி.க்கு வாடிக்கையாளர் ஒரே ஒருவர்தான்: அதன் தாய் நிறுவனம். 1985-ல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் பெங்களூருவில் தொடங்கியது இதற்கு முன்னோடி. சென்னைக்கு 2001-லேயே உலக வங்கியின் அலுவலகப் பணிகள் வந்துவிட்டன. நாஸ்காம் கணக்குப்படி 2024-ல் இந்தியாவில் 1,700-க்கும் மேற்பட்ட மையங்கள், அவற்றில் சுமார் 19 லட்சம் பேர்.

வேலைக்குச் சேருபவர்கள் பெரும்பாலும் கவனிக்காத ஒரு விஷயம், இந்த மையம் எப்படிப் பணம் சம்பாதிக்கிறது என்பது. அது தனியாக எதையும் சம்பாதிப்பதில்லை. சென்னை மையத்துக்கு ஆகும் மொத்தச் செலவோடு, வரித்துறை ஒப்புக்கொள்ளும் ஒரு சிறு லாப விகிதத்தைச் சேர்த்துத் தாய் நிறுவனம் அனுப்பிவைக்கும். 'காஸ்ட் பிளஸ்' என்று சொல்வது இதைத்தான். ஆக, இந்த மையத்துக்கு வியாபாரம் படுத்துப்போவது என்று ஒன்று கிடையாது. சம்பளம் முதல் தேதி தவறாது. ஆனால் தாய் நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தில் இந்த மையம் 'வருமானம்' பக்கத்தில் இல்லை. 'செலவு' பக்கத்தில் இருக்கிறது. எத்தனை பேரை எடுக்கலாம், யாருக்கு பிரமோஷன், எந்த வேலை இங்கே வரும் என்பதெல்லாம் அந்தச் செலவைச் சுமப்பவர் கையில் இருக்கும்.

உள்நாட்டு நிறுவனத்தில் கதை தலைகீழ். வருமானமும் இங்கே, நஷ்டமும் இங்கே. முடிவெடுப்பவர் இரண்டு மாடி மேலே இருப்பார். லிஃப்ட்டில் பார்த்துப் பேசலாம். ஆனால் விற்பனை சரிந்தால், அந்தச் சரிவு முதலில் இறங்குவதும் அதே கட்டடத்தில்தான்.

வேலை உன்னுடையதா, உன் கைக்கு வந்ததா?

ஜாப் டிஸ்கிரிப்ஷனை வைத்து வேலையின் அகலத்தை அளக்க முடியாது. அதில் எல்லாருமே 'எண்ட் டு எண்ட் ஓனர்ஷிப்' என்றுதான் எழுதுகிறார்கள். அளக்க வேண்டிய இடம் வேறு. அந்த டீம் அடுத்த மூன்று மாதம் என்ன செய்ய வேண்டும் என்ற பட்டியலை எழுதும் புராடக்ட் மேனேஜர் எந்த ஊரில் இருக்கிறார்? உன் மேனேஜருடைய மேனேஜர் எந்த ஊரில் இருக்கிறார்? புதிய பதிப்பை வாடிக்கையாளருக்கு வெளியிட யார் ஒப்புதல் வேண்டும்? மூன்றுக்கும் விடை வெளியூர் என்றால், அங்கே வேலை வரும்; அதிகாரம் வராது.

கடைசி ரவுண்டு முடிந்து 'உங்களுக்கு ஏதாவது கேள்வி உண்டா' என்று கேட்கும்போது கேட்கச் சொல்லி அவளுக்கு ஒரே ஒரு கேள்வி கொடுத்தேன். கடைசி ரவுண்டு தாண்டி ஆஃபரும் வந்துவிட்டதால், 'சேருவதற்கு முன் மேனேஜரிடம் அரை மணி நேரம் பேச வேண்டும்' என்று இரண்டு ஹெச்.ஆருக்கும் மெயில் போட்டாள். இரண்டு பேருமே நேரம் கொடுத்தார்கள். கேள்வி இதுதான்: "கடந்த ஆறு மாசத்துல இந்த டீம் எதையாவது வேண்டாம்னு சொல்லியிருக்கா? சொன்னப்ப என்ன ஆச்சு?"

என்ன செய்தோம் என்று எல்லா டீமும் அழகாகச் சொல்லும். எதை மறுத்தோம் என்று சொல்ல, மறுக்கும் உரிமை இருந்திருக்க வேண்டும்.

ஜி.சி.சி. மேனேஜர் நேர்மையானவர். கொஞ்சம் யோசித்துவிட்டு, "டைம்லைனைத் தள்ளி வெச்சிருக்கோம்" என்றாராம். தேவை என்ன என்பது புதன்கிழமை ராத்திரி ஒன்பது மணி மீட்டிங்கில் நியூயார்க்கிலிருந்து வரும். எப்படிச் செய்வது என்பதில் இவர்களுக்குச் சுதந்திரம் உண்டு. எதைச் செய்வது என்பதில் இல்லை. வாடிக்கையாளர் தரவைப் பார்க்கும் அனுமதி சிலவற்றில் அந்த நாட்டோடு நின்றுவிடும்; அதனால் கோளாறு வந்தால் கடைசிக் கட்டத்தை அங்கிருப்பவர்தான் முடிப்பார்.

உள்நாட்டு நிறுவன மேனேஜர் உடனே ஓர் உதாரணம் சொன்னார். ஒரு பெரிய வாடிக்கையாளர் தனக்கு மட்டும் ஒரு வசதி கேட்டார், டீம் மறுத்தது, விற்பனைப் பிரிவு சண்டைக்கு வந்தது, நிறுவனர் அறையில் பேசி, மறுப்பே நின்றது. கேட்க நன்றாக இருந்தது. ஆனால் அந்தக் கதையிலேயே ஓர் எச்சரிக்கையும் இருந்தது: முடிவு எல்லாம் ஒரே அறைக்குப் போகிறது. நிறுவனர் மனம் மாறினால் மூன்று மாத வேலை ஒரு மத்தியானத்தில் குப்பைக்குப் போகும். தவிர, அங்கே நாலு பேர் சேர்ந்து டேட்டாபேஸ், டெஸ்டிங், வாடிக்கையாளர் அழைப்பு எல்லாம் பார்க்க வேண்டும். ஜி.சி.சி.யில் ஒவ்வொன்றுக்கும் தனி நிபுணர் இருப்பார். ஒரு நாளில் ஓடும் பரிவர்த்தனைகளின் அளவும் பல மடங்கு பெரிது. ஆழமாக ஒன்றைக் கற்க வேண்டும் என்பவருக்கு அது சின்ன விஷயமல்ல.

இதில் 'வெளிநாட்டு மையம் என்றால் குறுகல், உள்நாட்டு நிறுவனம் என்றால் அகலம்' என்று சூத்திரம் போட்டுவிடக் கூடாது. ஒரே மையத்தில் ஆறாவது மாடி டீம் அமெரிக்கா எழுதித் தருவதைச் செய்துகொண்டிருக்கும். ஏழாவது மாடியில் ஒரு தயாரிப்பு முழுவதையும் சென்னையே நடத்திக்கொண்டிருக்கும். உள்நாட்டிலும் ஒரே ஒரு பெரிய வாடிக்கையாளர் சொன்னபடி ஆடும் நிறுவனங்கள் உண்டு. எடை போட வேண்டியது நிறுவனத்தை அல்ல, உட்காரப்போகும் டீமை.

28-ஐயும் 30-ஐயும் பிரித்தால்

பிறகு சம்பளம். சி.டி.சி. என்று போடும் மொத்தத் தொகை, பல காய்கறி போட்ட கூட்டு மாதிரி. காய்களைத் தனித்தனியாக எடுத்து வைத்தோம்.

ஜி.சி.சி.யின் 28 லட்சத்தில் மாதாமாதம் வரும் நிலையான சம்பளம் 20 லட்சம். வேரியபிள் பே 2.3 லட்சம். நிறுவனம் செலுத்தும் பி.எஃப்.பும் கிராஜுவிட்டியும் சேர்த்து 1.7 லட்சம். தாய் நிறுவனத்தின் பங்குகள் நான்கு வருடத்தில் 12 லட்சம், அதாவது வருடத்துக்கு 3 லட்சம். ஜாயினிங் போனஸ் 1 லட்சம்.

உள்நாட்டு நிறுவனத்தின் 30 லட்சத்தில் நிலையான சம்பளம் 23 லட்சம். வேரியபிள் 2.2 லட்சம். பி.எஃப்., கிராஜுவிட்டி 0.8 லட்சம். ஈசாப் எனும் பங்கு உரிமை நான்கு வருடத்தில் 16 லட்சம், வருடத்துக்கு 4 லட்சம்.

முதலில் பி.எஃப். அந்த மையம் அடிப்படைச் சம்பளமான 10 லட்சத்துக்கு முழுமையாக 12 சதவீதம் போடுகிறது, வருடத்துக்கு 1.2 லட்சம் அவள் கணக்கில் சேரும். உள்நாட்டு நிறுவனம் ரூ.15,000 உச்சவரம்புக்கு மட்டும் கணக்கிடுகிறது, மாதம் ரூ.1,800, வருடத்துக்கு ரூ.21,600. சட்டம் இதை அனுமதிக்கிறது, பலரும் செய்கிறார்கள். கிராஜுவிட்டியை இரண்டு தாள்களும் கூட்டிக் காட்டினாலும், நிரந்தர ஊழியருக்கு அது ஐந்து வருடம் முடித்தால்தான் கையில் வரும். அதைக் கணக்கிலிருந்தே எடுத்துவிடச் சொன்னேன். ஒருமுறை மட்டும் வரும் ஜாயினிங் போனஸையும், யாரும் உறுதி தராத வேரியபிளையும் ஓரமாக வைத்தோம்.

அடுத்து பங்கு. இரண்டுமே தாளில் 'ஸ்டாக்' என்றுதான் இருக்கும், குணம் வேறு. ஜி.சி.சி. தருவது ஆர்.எஸ்.யு. ஒவ்வொரு வருடமும் கால் பங்கு அவள் பெயருக்கு மாறும் அன்று, அதன் சந்தை விலை சம்பளமாகக் கருதப்பட்டு வரி பிடிக்கப்படும். மீதியை அன்றே விற்றுக் காசாக்கலாம். விற்காமல் வைத்தால், வெளிநாட்டுச் சொத்தாக வருமான வரிப் படிவத்தின் எஃப்.ஏ. அட்டவணையில் வருடா வருடம் காட்ட வேண்டும். மறந்தால் கறுப்புப் பணச் சட்டம் வரை இழுக்கும். விலை ஏறும் இறங்கும் என்பது உண்மைதான். ஆனாலும் அது பணம்.

உள்நாட்டு நிறுவனம் இன்னும் பங்குச் சந்தையில் பட்டியலாகவில்லை. அது தருவது பங்கு அல்ல, பின்னால் ஒரு குறிப்பிட்ட விலைக்குப் பங்கு வாங்கிக்கொள்ளும் உரிமை. அவளுக்கு 4,000 உரிமைகள். வாங்கும் விலை ரூ.100, நிறுவனம் இன்று சொல்லும் மதிப்பு ரூ.500. வித்தியாசம் 400, பெருக்கினால் 16 லட்சம். ஆனால் விற்க ஆள் கிடைத்தால்தான் அது 16 லட்சம்.

இப்போது எண்ணிப் பார்க்கக்கூடியதை மட்டும் கூட்டினோம். ஜி.சி.சி.: நிலையான சம்பளம் 20, பி.எஃப். 1.2, பங்கு 3, ஆக 24.2 லட்சம், வரிக்கு முன். உள்நாட்டு நிறுவனம்: 23, பி.எஃப். 0.2, ஆக 23.2 லட்சம். இரண்டு லட்சம் பின்னால் இருந்தது, ஒரு லட்சம் முன்னால் வந்துவிட்டது.

அக்கா சமையலறையிலிருந்தே, "அப்ப எம்.என்.சி.தானே?" என்றாள்.

அவசரப்படாதே என்றேன். முதல் வருடச் சம்பளம் நுழைவாசல் மட்டும்தான். மேலே போகும் படிக்கட்டு எப்படி என்று பார்க்க வேண்டும். பெரிய நிறுவனங்களில் ஒவ்வொரு கிரேடுக்கும் ஒரு பேண்ட் இருக்கும்: அடி, நடு, உச்சி. அவள் கிரேடின் பேண்ட் 16-லிருந்து 24 லட்சம் என்று வைத்துக்கொள்வோம், நடு 20. அவள் சரியாக நடுவில் நுழைகிறாள். வருடாந்திர ஹைக்கைத் தீர்மானிப்பது அவள் எப்படி வேலை செய்தாள் என்பது மட்டுமல்ல. பேண்டில் எங்கே நிற்கிறாள் என்பதும்தான். ஒரே மதிப்பீடு வாங்கிய இருவரில், அடியில் நிற்பவருக்குப் பத்து சதவீதம் கிடைத்தால் உச்சிக்கு அருகில் நிற்பவருக்கு ஐந்து கிடைக்கலாம். பேரம் பேசி 23.5 லட்சத்தில் உள்ளே நுழைந்தவர் முதல் நாள் ஜெயித்தவர்; மூன்றாம் வருடம் அவர்தான் புழுங்குவார். அதற்கு மேல் போக அடுத்த கிரேடு வேண்டும். அந்த கிரேடில் சென்னைக்கு எத்தனை இடம் என்பது தலைமையக பட்ஜெட்.

உள்நாட்டு நிறுவனத்தில் பேண்ட் தளர்வாக இருக்கும். நல்ல ஆள் கிளம்பப்போகிறார் என்று தெரிந்தால் நடு வருடத்திலேயே 20 சதவீதம் உயர்த்திவிடுவார்கள். கெட்ட வருடத்தில் எல்லாருக்கும் சுழியம் என்றும் ஒரு மெயில் வரும்.

பேண்டின் எண்களை ஹெச்.ஆர். சொல்ல மாட்டார். ஆனால் 'நான் பேண்டில் கீழ்ப் பகுதியா, நடுவா, மேல் பகுதியா' என்று கேட்டால் பெரும்பாலும் சொல்லிவிடுவார். பதவிப் பெயரைக் கேட்பதைவிட இது உருப்படியான கேள்வி. சில வெளிநாட்டு வங்கி மையங்களில் பத்து வருட அனுபவக்காரருக்கே 'வைஸ் பிரசிடென்ட்' என்று போடுவார்கள். கல்யாணப் பத்திரிகைக்கு நன்றாக இருக்கும். வெளியே அடுத்த இன்டர்வியூவில் அந்தப் பட்டத்தை யாரும் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை.

வெளியே போகும் வழி

வேலைக்குச் சேரும்போதே விலகுவதைப் பற்றிப் பேசுவது அபசகுனம் என்று அக்கா முகம் சுளித்தாள். வீடு பார்க்கும்போது பின்வாசல் எங்கே என்று பார்க்கிறோமே, அதுபோல்தான்.

இரண்டு தாளிலும் நோட்டீஸ் பீரியட் 90 நாள். ஜாயினிங் போனஸ் ஒரு லட்சத்தை 12 மாதத்துக்குள் விலகினால் திருப்பிக் கட்ட வேண்டும். உள்நாட்டு நிறுவனத்தின் தாளில், 'விலகிய பின் ஒரு வருடம் போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது' என்று ஒரு வரி. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவு, ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தத்தைச் செல்லாது என்கிறது. வேலையில் இருக்கும்போது அந்தத் தடை செல்லும். விலகிய பிறகு நீதிமன்றங்கள் அதை ஏற்பதில்லை. பழைய கம்பெனியின் ரகசியங்களை எடுத்துப்போனால் அது வேறு வழக்கு.

பயமுறுத்தாத ஒரு வரிதான் உண்மையில் ஆபத்தானது. ஈசாப் பக்கத்தின் அடியில், 'பணியிலிருந்து விலகிய 90 நாட்களுக்குள் உரிமையைப் பயன்படுத்த வேண்டும்' என்று இருந்தது. காகிதத்தில் போட்டுக் காட்டினேன். இரண்டு வருடத்தில் விலகுகிறாள் என்று வை. 2,000 உரிமைகள் அவளுடையவை. வாங்க ரூ.100 வீதம் 2 லட்சம் கட்ட வேண்டும். பங்குக்கு ரூ.400 லாபம் என்று வரித்துறை எடுத்துக்கொள்ளும். 8 லட்சத்துக்கு 30 சதவீத வரியும் செஸ்ஸும் சேர்ந்து ஏறக்குறைய 2.5 லட்சம். ஆக, கையிலிருந்து 4.5 லட்சம் போட்டு, எப்போது விற்க முடியும் என்று தெரியாத தாளை வாங்க வேண்டும். முடியாது என்றால் 90-வது நாள் எல்லாம் காலாவதி. ஊழியரைப் பூட்டிவைக்க பாண்டு தேவையில்லை. இந்த ஒரு வரி போதும்.

ஜி.சி.சி.யின் பின்வாசல் வேறு திசையில் திறக்கும். அமெரிக்காவின் எல்-1 விசா, குழுமத்தின் வெளிநாட்டுக் கிளையில் கடந்த மூன்று வருடத்தில் தொடர்ந்து ஒரு வருடம் வேலை பார்த்த மேலாளருக்கும் தனித்திறன் கொண்டவருக்கும் கிடைக்கக்கூடியது. 2025 செப்டம்பரில் புதிய ஹெச்-1பி விண்ணப்பங்களுக்கு 1 லட்சம் டாலர் கட்டணம் அறிவிக்கப்பட்ட பிறகு இந்த வழிக்கு மவுசு கூடியிருக்கிறது. ஆனால் எல்-1 அந்த முதலாளியோடு கட்டப்பட்டது. அங்கே போய் வேறு கம்பெனிக்குத் தாவ முடியாது. அவளிடம், 'உங்கள் டீமிலிருந்து கடைசியாக யார் போனார், எப்போது' என்று கேட்கச் சொன்னேன். மூன்று வருடமாக யாரும் இல்லை.

நாம் விலகாமலே நிறுவனம் நம்மை விட்டு விலகுவதும் உண்டு. 2008-ல் சிட்டி குழுமம் தன் இந்திய மையத்தை சுமார் 50 கோடி டாலருக்கு டி.சி.எஸ்.ஸுக்கு விற்றது, சுமார் 12,000 பேரின் முதலாளி மாறிவிட்டார். வங்கி ஊழியராகச் சேர்ந்தவர்கள் ஐ.டி. சேவை நிறுவன ஊழியர்கள் ஆனார்கள். எதிர்ப்பக்க உதாரணமும் சென்னையிலேயே இருக்கிறது. 2021-ல் ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்து, அடுத்த வருடம் மறைமலை நகர் ஆலை ஓய்ந்தது. சோழிங்கநல்லூரில் இருந்த அதே நிறுவனத்தின் தொழில்நுட்ப மையம் தொடர்ந்து ஓடியது. உள்ளூர் வியாபாரத்தின் தலைவிதி வேறு, மையத்தின் தலைவிதி வேறு என்பதை அந்த ஆலையின் தொழிலாளர்களும் இந்த மையத்தின் என்ஜினியர்களும் ஒரே சமயத்தில் பார்த்தார்கள்.

கடைசியாக, பின்வாசலில் எதை எடுத்துக்கொண்டு போகலாம்? அடுத்த இன்டர்வியூவில் 'இதை நீ முடிவு செய்தாயா, செய்து கொடுத்தாயா' என்பார்கள். இப்போதைய கம்பெனியில் ஏழு வருடமாக அவள் செய்து கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

கூட்டிக் கழித்து

புதன்கிழமை போன் செய்தாள். ஈசாப்பின் 90 நாளை ஒரு வருடமாக நீட்டித்துத் தருவீர்களா என்று உள்நாட்டு நிறுவனத்தைக் கேட்டிருக்கிறாள், மறுத்துவிட்டார்கள். பி.எஃப்.பை முழு அடிப்படைச் சம்பளத்துக்குப் போடச் சொன்னதற்கு, 'போடலாம், ஆனால் 30-க்குள்தான்' என்றார்களாம். அதாவது அவள் பணத்தையே எடுத்து அவளுக்குச் சேமித்துத் தருவார்கள்.

"ஈசாப்பை சைபர்னு எழுதிட்டேன் மாமா. அப்பவும் அங்கதான் போறேன்."

"ஒரு லட்சம் கொறையுதே?"

"புதன்கிழமை ராத்திரி ஒம்பது மணி மீட்டிங்ல 'ஓகே, வில் டூ'ன்னு சொல்லாம இருக்கறதுக்கு நான் குடுக்கற விலை அது."

அதே ஜி.சி.சி. ஆஃபர் அவள் தோழிக்கும் வந்திருந்தது. அவளுக்கு வீட்டுக் கடன் மாதம் 62,000. ஒன்றரை வயதுக் குழந்தை. சம்பளம் முதல் தேதி தவறாத இடமும், விற்றால் காசாகும் பங்கும் அவளுக்கு வேண்டியிருந்தது. அவள் அங்கே சேர்ந்தாள். சேருவதற்கு முன் அவளும் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறாள். வேறொரு மேனேஜரிடம், ஏழாவது மாடி டீமுக்கு.